முன்கூட்டி வந்த 86,400 ரூபாய்: ஒரு நன்றி மின்னஞ்சல், அதன் பின்கதை

## பின்னணி

கோயம்புத்தூரில் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் உள் அலங்கார வடிவமைப்பு அலுவலகம் எங்களுடையது. 2023 வரை நான் தனியாகச் செய்துவந்தேன். பிறகு என்னிடம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து அலுவலகம் கூட்டு நிறுவனமாகிவிட்டது. பான் எண், வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் புதிது. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

2024 இறுதியில் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மாதிரித் துணிகளைக் காட்டும் அறையை வடிவமைக்கச் சொன்னது. எங்கள் கட்டணம் ஜி.எஸ்.டி. சேர்க்காமல் 2,40,000 ரூபாய். அதை 60,000, 1,00,000, 80,000 என்று மூன்று கட்டமாகப் பிரித்திருந்தோம். பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம் தரவேண்டும் என்று ஒப்பந்தக் கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தோம்.

முதல் பில்லுக்கு 41ஆம் நாள் பணம் வந்தது, இரண்டாவதுக்கு 36ஆம் நாள். இந்தத் தொழிலில் இதைத் தாமதம் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு முறையும் நாங்கள் நினைவூட்டவும் இல்லை.

கடைசிக் கட்டத்துக்கு 2025 மார்ச் 10 அன்று பில் போட்டோம். 80,000 கட்டணம், 14,400 ஜி.எஸ்.டி., மொத்தம் 94,400. கெடு ஏப்ரல் 9. எங்கள் கணக்கர் சொன்னதால் இந்த பில்லில் மட்டும், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணையும் தலைப்பில் அச்சிட்டிருந்தோம். முந்தைய இரண்டிலும் அது இல்லை.

## பணம் வந்த நாள்

மார்ச் 18, செவ்வாய் மதியம். தம்பி கைப்பேசியை நீட்டி, "அக்கா, திருப்பூர் பணம் வந்துருச்சுங்க. இன்னும் இருவத்திரண்டு நாள் இருக்குதுங்க, அதுக்குள்ள போட்டுட்டாங்க" என்றார். அன்று சம்பளம், வாடகை, தச்சருக்கான பாக்கி என்று ஒரு பட்டியலே மேசையில் கிடந்ததால் எனக்கும் சந்தோஷம்தான்.

குறுஞ்செய்தியை மட்டும் நம்பி யாருக்கும் "பணம் கிடைத்தது" என்று எழுதுவதில்லை என்பது எங்கள் வழக்கம். வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தோம். அந்த நிறுவனத்தின் பெயரில் நெப்ட் வழியாக 86,400 ரூபாய் வரவாகியிருந்தது. கெடுவுக்கு வெகு முன்னால் பணம் வந்தால், பழைய பில்லுக்கு இரண்டாம் முறை தவறாகப் போட்டுவிட்டார்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டாம் கட்டத்துக்கு எங்களுக்கு வந்தது 1,08,000. ஆகவே இது அதன் மறுபதிப்பு இல்லை. 94,400இல் 8,000 கழித்தால் சரியாக 86,400. அந்த 8,000, கட்டணமான 80,000இல் பத்து சதவீதம், அதாவது பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டி.டி.எஸ். பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அந்தத் தொகையின் மேல் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. எனவே கணக்கு ரூபாய் பிசகாமல் பொருந்தியது.

## முதல் வரைவு

தம்பி அன்று சாயங்காலமே ஒரு மின்னஞ்சல் எழுதி எனக்குக் காட்டினார். நிறுவனத்தின் இயக்குநர் எப்போதும் தமிழில்தான் எழுதுவார் என்பதால் நாங்களும் அவருக்குத் தமிழில்தான் எழுதுவோம்.

> வணக்கம் சார். எங்கள் மூன்றாவது பில் தொகை ரூ. 94,400 முழுமையாகக் கிடைத்தது. கெடுவுக்கு 22 நாள் முன்னதாகவே அனுப்பி எங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் அன்பையும் நம்பிக்கையையும் காட்டிவிட்டீர்கள். மிக்க நன்றி. இதற்குக் கைம்மாறாக, அடுத்து நீங்கள் எங்களுக்குத் தரும் எந்த வேலைக்கும் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம். எதிர்காலத்திலும் எங்களை நினைவில் வைத்திருங்கள்.

மனசார எழுதியதுதான். ஆனால் மூன்று இடங்களில் நான் நிறுத்தினேன்.

முதலாவது, தொகை. 94,400 எங்கள் கைக்கு வரவில்லை. வந்தது 86,400. மீதி 8,000 அவர்கள் பிடித்தம் செய்து, எங்கள் பெயரில் அரசுக்குக் கட்டவேண்டிய வரி. மார்ச்சில் பிடித்ததைக் கட்ட ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. மே 31க்குள் அவர்கள் காலாண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டும், அதன்பின் ஜூன் 15க்குள் அந்தப் பிடித்தத்துக்கான சான்றிதழான படிவம் 16ஏ எங்களுக்கு வரவேண்டும். அதுவரை அந்த 8,000 வழியில் இருக்கும் பணம். "முழுமையாகக் கிடைத்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு எங்காவது வரி விடுபட்டுப்போனால், நம்முடைய மின்னஞ்சலே நமக்கு எதிராக நிற்கும். மரியாதைக்காக எழுதும் கடிதமும் கணக்குக் காகிதம்தான்.

இரண்டாவது, "அன்பையும் நம்பிக்கையையும் காட்டிவிட்டீர்கள்" என்ற வரி. அவர்கள் ஏன் முன்கூட்டிக் கொடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் காரணம் கற்பித்து நன்றி சொன்னால், படிப்பவர் சிரித்துக்கொள்வார். இல்லையென்றால், அடுத்த முறை 36ஆம் நாள் கொடுக்கும்போது அன்பு குறைந்துவிட்டது என்று நாங்கள் எண்ணுவோமோ என்று அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

மூன்றாவது, தள்ளுபடி. இதில்தான் தம்பிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "அவங்க நமக்கு நல்லது செஞ்சிருக்காங்க, நாமளும் ஏதாவது செய்யணுமில்லீங்க அக்கா" என்றார். முன்கூட்டிப் பணம் தந்தால் சலுகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் அது வேறு. நடந்து முடிந்த பிறகு, இன்னும் பேசவே பேசாத ஒரு வேலைக்கு, என்ன அளவு, எத்தனை நாள் என்று எதுவும் தெரியாமல் பத்து சதவீதம் என்று எழுதிவைத்தால், அந்த எண் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த மேற்கோள் கொடுக்கும்போது அவர்கள் அங்கிருந்துதான் பேரம் தொடங்குவார்கள். போதாக்குறைக்கு, முந்தைய கட்டணத்திலேயே பத்து சதவீதம் அதிகம் வைத்திருந்தோமோ என்ற சந்தேகமும் வரும்.

## அடுத்த வேலை பற்றிய வரி

அடுத்த வேலையைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவேண்டுமா என்பதே எனக்குத் தயக்கமாக இருந்தது. சாப்பிட்ட கை ஈரம் காயும்முன் அடுத்த பந்திக்கு இடம் கேட்பது போல ஆகிவிடக்கூடாது. ஆனால் எழுதாமல் விடவும் மனசில்லை. வேலை முடிந்து, பணமும் முடிந்துவிட்டால், பிறகு அவருக்கு எழுத நமக்கு வேறு காரணம் கிடைக்காது.

"எங்களை நினைவில் வைத்திருங்கள்" என்ற பொதுவான வரி வேண்டாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடியது அது. அவர்கள் கட்டடத்தில் நாங்கள் கண்ணால் பார்த்த ஒன்று வேண்டும். தேடியபோது கிடைத்தது. அறையை ஒப்படைத்த அன்று இயக்குநர் மாடிப்படியைக் காட்டி, "மேல ஆபீஸும் இப்படித்தான் கெடக்குது, ஒரு நாள் பாக்கணும்" என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தார். மாதிரி அறையின் கதவு அந்தப் படிக்கட்டை ஒட்டித்தான் திறக்கிறது என்பதால், நவம்பரில் அளவெடுத்தபோது படிக்கட்டையும் மேல்தளத்தின் முன்பகுதியையும் சேர்த்தே அளந்து வரைபடமாக்கி வைத்திருந்தோம். அதை ஒரே வாக்கியத்தில் சொல்வது, கேள்வியாகக் கேட்காமல் விடுவது, தேதி குறிக்காமல் இருப்பது, எதையும் இணைக்காமல் அனுப்புவது என்று முடிவுசெய்தோம். பதில் எழுதியே ஆகவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளக்கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் ஒரு யோசனை இருந்தது. பணம் அனுப்பிய தகவல் கணக்குப் பிரிவு மேலாளரிடமிருந்து வந்திருந்தது. அவருக்கு மட்டும் பதில் அனுப்பினால் மாடி பற்றிய வரி அவரோடு நின்றுவிடும். அதில் முடிவெடுப்பவர் அவர் இல்லை. இயக்குநருக்கு மட்டும் அனுப்பினால், உண்மையில் பணத்தைப் போட்ட மனிதருக்கு நன்றி போய்ச் சேராது. இருவருக்கும் ஒரே கடிதமாக, பெறுநர் இடத்தில் இருவரையும் வைத்து அனுப்பினோம். இது சரியான முடிவா என்பதில் இன்று எனக்கு வேறு கருத்து உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

## அனுப்பிய மின்னஞ்சல்

மார்ச் 19 காலை பத்து மணிக்குப் போனது. தலைப்பு: "மூன்றாம் கட்ட பில், ரூ. 86,400 கிடைத்தது, நன்றி".

> வணக்கம் ஐயா,
>
> மார்ச் 10 தேதியிட்ட எங்கள் மூன்றாம் கட்ட பில்லுக்கு நேற்று (18.03.2025) ரூ. 86,400 எங்கள் கணக்கில் வரவாகியது. யு.டி.ஆர். எண் நீங்கள் அனுப்பிய தகவலில் உள்ளதோடு ஒத்துப்போகிறது.
>
> பில் தொகை ரூ. 94,400. இதில் டி.டி.எஸ். ரூ. 8,000 பிடித்தம் செய்யப்பட்டதாக எங்கள் நிறுவனத்தின் பான் எண்ணில் பதிந்துகொண்டோம். படிவம் 16ஏ வந்ததும் எங்கள் பக்கம் கணக்கு முடிந்துவிடும்.
>
> ஏப்ரல் 9 வரை நேரம் இருந்தும் முன்னதாகவே அனுப்பியதற்கு நன்றி. மாதக் கடைசியில் எங்கள் தச்சருக்கும் வண்ணம் பூசியவருக்கும் தரவேண்டியதை நாளைக்கே தந்துவிட முடிகிறது.
>
> மாதிரி அறைக்கு அளவெடுத்தபோது படிக்கட்டையும் மேல்தளத்தின் முன்பகுதியையும் சேர்த்தே வரைந்து வைத்திருக்கிறோம். மாடி அலுவலகத்தை எப்போது எடுத்துக்கொண்டாலும் அந்த வரைபடம் எங்களிடம் தயாராக இருக்கிறது.
>
> அன்புடன்,

கீழே எங்கள் இருவர் பெயர், நிறுவனத்தின் பான் எண், ஜி.எஸ்.டி. எண். வங்கிக் கணக்கு எண்ணை வேண்டுமென்றே போடவில்லை. பணம் வந்து சேர்ந்தபின் எழுதும் கடிதத்தில் கணக்கு எண் எதற்கு? "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக்கொள்ளும் ஏமாற்று வேலை பரவலாக இருக்கிறது. பில்லைத் தவிர வேறெங்கும் அந்த எண் தென்படாமல் இருந்தால், தென்படும்போது அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

தச்சருக்கும் வண்ணம் பூசியவருக்கும் பணம் கொடுக்க முடிகிறது என்ற வரி தம்பியுடையது. முன்கூட்டி வந்த பணம் எங்கே போய் உதவியது என்று சொன்னால் "மிக்க நன்றி"யை மூன்று முறை எழுதவேண்டியதில்லை. அந்த இரண்டு பேருக்கும் மறுநாள் கொடுத்தும்விட்டோம். கொடுக்கப்போவதில்லை என்றால் அந்த வரியை எழுதியிருக்கக்கூடாது.

## கணக்கு மேலாளரின் பதில்

மார்ச் 20 அன்று பதில் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, பணம் ஏன் முன்கூட்டி வந்தது என்பது. நிதியாண்டு முடிவதால் சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பாக்கிகளின் பட்டியலை அவர்கள் ஆடிட்டர் கேட்டிருக்கிறார். எங்கள் பில்லில் உத்யம் எண் இருந்ததால் நாங்களும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறோம். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்துக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டின் வருமானத்திலிருந்துதான் கழிக்கமுடியும் என்றது. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள கெடு, ஆனால் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். எங்கள் ஒப்பந்தப்படி ஏப்ரல் 9 வரை கெடு இருந்ததால், ஏப்ரலில் கொடுத்திருந்தாலும் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் எந்த பில்லுக்கு என்ன கெடு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க யாருக்கு நேரம்? பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தீர்த்துவிட்டார்கள்.

அன்பு, நம்பிக்கை என்று எழுதாமல் விட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்று தம்பியும் நானும் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது விஷயம் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்கள் கடிதத்தில் உள்ள பான் எண்ணும் எங்கள் பதிவில் உள்ளதும் வேறாக இருக்கிறதே" என்று எழுதியிருந்தார். பான் எண்ணின் நான்காவது எழுத்து தனிநபருக்கு பி, கூட்டு நிறுவனத்துக்கு எஃப் என்று வரும். அவர்கள் பதிவில் பி இருந்தது. அதாவது என்னுடைய சொந்த பான். நான் தனியாக இருந்த காலத்து மேற்கோள் படிவத்தையே திருத்தி இந்த வேலைக்கும் அனுப்பியிருந்தேன். அதன் அடியில் இருந்த பழைய எண்ணை மாற்ற மறந்திருந்தேன். அவர்கள் அதைப் பார்த்துத்தான் பதிந்திருக்கிறார்கள். தவறு முழுக்க என்னுடையது.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் சரியாகத்தான் இருந்தது. அந்த 15 எழுத்துகளில் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை உள்ளது பான் எண்தான் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு எது சரி என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். முதல் கட்டத்தின் டி.டி.எஸ். 6,000 ஏற்கெனவே தவறான பான் எண்ணில் அறிக்கையாகித் தாக்கலாகியிருந்தது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் 10,000மும் 8,000மும் ஜனவரி-மார்ச் காலாண்டைச் சேர்ந்தவை; அந்த அறிக்கை இன்னும் தாக்கலாகவில்லை. அவற்றை நேராகவே சரியான எண்ணில் போட்டார்கள். பழைய 6,000க்குத் திருத்த அறிக்கை கொடுத்தார்கள். ஒரு பான் எண்ணில் பிடித்த வரியையெல்லாம் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில், நிறுவனத்தின் பெயரில் மே மாதம் அது வந்துவிட்டது, ஜூனில் மற்ற இரண்டும் வந்தன.

"டி.டி.எஸ். ரூ. 8,000 எங்கள் நிறுவனத்தின் பான் எண்ணில்" என்ற அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால், ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் 24,000 ரூபாய் என் சொந்தக் கணக்கில் நிற்பது தெரிந்திருக்கும். அதற்குள் அவர்கள் இரண்டு அறிக்கையும் கொடுத்து முடித்திருப்பார்கள்.

## மாடிக்கு நடந்தது

இயக்குநரிடமிருந்து பதில் வரவில்லை. ஏப்ரல் முழுக்க ஒன்றும் இல்லை. மே நடுவில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "மேல அளவு உங்ககிட்ட இருக்குதுன்னு எழுதியிருந்தீங்களே, அதை எடுத்துட்டு வாங்க, பேசலாம்."

போனோம். இரண்டு சிக்கல் காத்திருந்தது. ஏப்ரலில் மேல்தளத்தின் முன்பகுதியில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள், எங்கள் வரைபடத்தில் பாதி அன்றோடு பயனற்றுப்போயிற்று. அது தெரியாமல் கட்டணம் சொன்னபோது, "அளவெடுக்கிற வேலைதான் உங்களுக்கு இல்லையே, அதைக் கழிச்சுக்கோங்க" என்றார் இயக்குநர். தயாராக இருக்கிறது என்று நாங்களே எழுதிக் கொடுத்த பிறகு என்ன மறுப்பது? 1,28,000 சொன்னோம், 1,20,000க்கு ஒத்துக்கொண்டோம். பிறகு மாடியை முழுவதும் புதிதாக அளந்தோம், காசில்லாமல்.

தள்ளுபடி என்ற சொல்லை அடித்துவிட்டு, வேறு சொல்லில் அதையே கொடுத்திருக்கிறோம் என்று தம்பி கேலி செய்தார். கணக்குப் பார்த்தால் ஆறேகால் சதவீதம்.

## இன்று எழுதினால்

கடிதத்தின் முதல் இரண்டு பத்திகளில் எதையும் மாற்றமாட்டேன். பில் தொகை, கைக்கு வந்தது, பிடித்தம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதும், பான் எண்ணைப் போடுவதும் இப்போது எங்கள் எல்லாக் கடிதங்களிலும் உண்டு. பழைய மேற்கோள் படிவத்தை அழித்துவிட்டேன்.

ஒரே கடிதம் என்பதை மாற்றுவேன். தொகை விவரம் கணக்கு மேலாளருக்கு உடனே போகட்டும், இயக்குநருக்குப் பிரதி மட்டும். மாடி பற்றிய வரி அதில் வேண்டாம். மார்ச் கடைசியில் ஏற்றுமதி நிறுவனத்தில் யாருக்கும் மாடியைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. ஏப்ரல் நடுவில், மாதிரி அறையில் ஒன்றிரண்டு வாடிக்கையாளர் வந்துபோன பிறகு, அறை எப்படி உதவுகிறது என்று கேட்கும் தனிக் கடிதத்தில் அதை எழுதியிருக்கலாம். தடுப்புச் சுவர் எழும்பும் முன்பே பேச்சு வந்திருக்கவும் வாய்ப்புண்டு. இது ஊகம்தான், கேட்டிருந்தாலும் சுவரைக் கட்டித்தான் இருப்பார் என்பது தம்பியின் கட்சி.

"வரைபடம் தயாராக இருக்கிறது" என்று எழுதமாட்டேன். "மாடிக்கு ஏறும் இடத்தில் வெளிச்சம் குறைவாக இருப்பதை அளவெடுத்தபோது கவனித்தோம்" என்று எழுதுவேன். முன்னது நாங்கள் ஏற்கெனவே செய்துவிட்ட வேலையைச் சொல்கிறது, அதற்குக் காசு கேட்க முடியாது. பின்னது இனி செய்யவேண்டிய வேலையைச் சொல்கிறது.

மாடி வேலையின் முதல் பில்லை ஜூன் கடைசியில் போட்டோம், உத்யம் எண்ணோடு. கெடு அதே 30 நாள். பணம் 34ஆம் நாள் வந்தது. அதற்கும் மறுநாள் காலை எழுதினோம், தொகையும் பிடித்தமும் நன்றியுமாக நான்கு வரி.